அம்மா பேரனிடம் எந்த மொழியில் பேசினாள்

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எங்கள் வீட்டுக்கு ஓர் ஆசிரியை வந்தார். மதுரை மஹால் பகுதியில் எங்கள் தெருவில் அன்று அவருக்கு அது எத்தனையாவது வீடோ, களைத்திருந்தார். அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படிவத்தை மடியில் விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், “தாய்மொழி?” என்றார். “சௌராஷ்டிரம்” என்றேன். எழுதினார். அம்மா, நான், மனைவி, தம்பி, மூன்று வயது மகன் என்று ஐந்து பேருக்கும் ஒரே மூச்சில் அதையே எழுதினார். நானும் தலையாட்டினேன். அவர் எழுந்து செருப்பை மாட்டும்போது என் மகன் உள்ளே இருந்து ஓடி வந்து, “அப்பா, அந்த அத்தை பேனாவை விட்டுட்டுப் போறாங்க” என்று கத்தினான். தமிழில்தான். அவனுக்கு வேறு மொழி பேச வராது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் இந்திய அரசின் ஏட்டில் சௌராஷ்டிரம் பேசுபவனாக ஏறிய பிள்ளை அவன்.

அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தது முதல் இந்த உறுத்தல் என்னோடு இருக்கிறது. பிறகு மொழிவாரிக் கணக்கு வெளியானபோது அது கூடியதே தவிரக் குறையவில்லை. 2001இல் சௌராஷ்டிரம் என்று பதிந்தவர்கள் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். குஜராத்தி என்ற பெரிய தலைப்புக்கு அடியில், உள்ளடங்கிய தாய்மொழிகளில் ஒன்றாக, இந்த எண் அச்சாகியிருந்தது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உறவினர் ஒருவர் இதைப் பெருமையாகச் சொன்னார்: “பத்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்திருக்கிறோம். மொழி அழிகிறது என்று யார் சொன்னது?” அதே பந்தியில், எதிர் வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் தமிழில் அப்பளத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணும் பொய்யில்லை, பந்தியும் பொய்யில்லை. அப்படியானால் அந்த எண் எதைத்தான் எண்ணியது?

கேள்வி பின்னோக்கிப் பார்க்கிறது

கணக்கெடுப்பில் ‘தாய்மொழி’ என்பதற்கு ஒரு திட்டமான வரையறை இருக்கிறது. ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழிதான் அவருடைய தாய்மொழி. தாய் சிறுவயதிலேயே இறந்துவிட்டிருந்தால், அந்த வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. இதைப் படித்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. என்னைப் பற்றிய கேள்விக்கு என் அம்மா பதிலாகிறாள். என் அம்மா எழுபதுகளின் இறுதியில் தொட்டிலுக்குப் பக்கத்தில் என்ன பேசினாள் என்பது 2011இன் ஏட்டில் ஏறுகிறது. நான் இன்று என் பிள்ளையிடம் என்ன பேசுகிறேன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தலைமுறை தன் மொழியைப் பிள்ளைகளிடம் பேசுவதை முழுவதுமாக நிறுத்திவிட்டாலும், அந்தத் தலைமுறை உயிரோடு இருக்கும்வரை அதன் எண்ணிக்கை இந்த ஏட்டில் குறையாது. அணைந்த அடுப்பில் பாத்திரம் நெடுநேரம் சூடாக இருப்பதைப் போன்றது அது.

வரையறையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியிருந்தால் என் மகன் பெயருக்கு நேரே தமிழ் என்றுதான் வந்திருக்க வேண்டும். அவன் பிறந்த நாளிலிருந்து என் மனைவி அவனிடம் தமிழில்தான் பேசினாள், நானும் அப்படித்தான். ஆனால் வாசலில் வந்து கேட்கும்போது யாரும் அதை அப்படிப் புரிந்துகொள்வதில்லை. ‘நீங்கள் யார்?’ என்று கேட்டதாக எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் அந்த மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சியையும் நான் ஐயத்தோடு பார்க்கிறேன். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 15.6 விழுக்காடுதான் வளர்ந்தது. மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று இதே மாநிலத்து ஊர்களில் வாழும் ஒரு சமூகம், சிறிய குடும்பங்களோடு, அதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பிறப்பால் மட்டும் பெருகியிருக்க முடியாது. முன்பு தமிழ் என்று பதிந்த பல வீடுகள் இம்முறை சௌராஷ்டிரம் என்று சொல்லியிருக்க வேண்டும். தன் மொழியைச் சொந்தம் கொண்டாடுவது நல்ல செய்திதான். ஆனால் அது அடையாளத்தைப் பற்றிய செய்தி. பேச்சைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கேள்வியை வேறு மாதிரிக் கேட்கும் நாடுகள் இருக்கின்றன. கனடாவின் கணக்கெடுப்பில் இரண்டு கேள்விகள் உண்டு: சிறுவயதில் வீட்டில் முதலில் கற்று இன்னும் புரிகிற மொழி எது, இப்போது வீட்டில் பேசும் மொழி எது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால், நூறு பேர் கற்ற மொழியை இன்று எத்தனை பேர் வீட்டில் புழங்குகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அங்குள்ள பழங்குடி மொழிகளுக்கு இந்தத் தொடர்ச்சிக் குறியீட்டை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறார்கள். அயர்லாந்தில் வேறொரு பிரிவு: ஐரிஷ் பேசத் தெரியுமா, தெரியுமென்றால் பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறீர்களா. 2016இல் பேசத் தெரியும் என்றவர்கள் 17,61,420 பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுபவர்கள் 73,803 பேர். 2022இல் முதல் எண் 18,73,997 ஆக ஏறியது, இரண்டாவது 71,968 ஆக இறங்கியது. ஒரே மொழி, ஒரே நாடு, ஒரே படிவம், இரண்டு கேள்விகள். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. முதல் எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தால் அங்கும் யாராவது பந்தியில் பெருமைப்பட்டிருப்பார்கள். நம் கணக்கெடுப்பில் தாய்மொழியைத் தவிர, தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் கேட்கிறார்கள். வீட்டில் எது ஓடுகிறது என்று கேட்பதில்லை. எனவே எங்கள் மொழிக்கு அந்த வகுத்தலைச் செய்யவே வழியில்லை.

ஏழாம் படி

1991இல் ஜோஷுவா ஃபிஷ்மன் என்ற சமூகமொழியியலாளர் மொழிகளின் நிலையை எட்டுப் படிகளாக வகுத்தார். அரசு, பல்கலைக்கழகம், ஊடகம் எல்லாம் மேல்படிகள். அவர் உயிர்நாடி என்று கருதியது ஆறாவது படியை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு மொழி தானாகப் போய்ச் சேர்கிறதா என்பதே அந்தப் படி. அது உடைந்திருக்கும்போது மேலே எத்தனை பத்திரிகை, எத்தனை விழா நடத்தினாலும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். 2010இல் லூயிஸும் சைமன்ஸும் அந்த அளவுகோலை விரித்து, ஆறாவது படியையே இரண்டாகப் பிளந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கற்கிறார்கள் என்றால் 6அ. பெற்றோரில் சிலர் மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால் 6ஆ. பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்குத் தங்களுக்குள் நன்றாகப் பேச வரும், ஆனால் பிள்ளைகளிடம் அதைப் பேசுவதில்லை என்றால் 7. தாத்தா பாட்டிகள் மட்டுமே பேசுகிறார்கள் என்றால் 8.

இதைப் படித்தபோது ஏழாம் படியில் என் புகைப்படத்தை ஒட்டி வைத்தது போலிருந்தது. நானும் என் மனைவியும் சௌராஷ்டிரத்தில்தான் காதும் காதும் வைத்தாற்போல் பேசுவோம், சண்டையும் போடுவோம். பிள்ளை பக்கம் முகம் திரும்பினால் தமிழ் வந்துவிடும். ஏழாம் படியின் கொடுமை அது வெளியே தெரியாது என்பதுதான். தெருவில் நடந்தால் எல்லா வீட்டிலிருந்தும் மொழி காதில் விழும். கூட்டம் போட்டால் எல்லோரும் பேசுவார்கள். ஒரு முப்பது ஆண்டு அப்படியே ஓடும். எட்டாம் படிக்கு வந்த பிறகுதான், ‘அடடா, சின்னவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று எல்லோரும் திடுக்கிடுவார்கள்.

ஆனாலும் ஓர் ஆறுதலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா இருக்கிறாள். நாங்கள் விட்டதை அவள் பிடித்துக்கொள்வாள். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குப் பாட்டியின் மொழி வராமலா போகும்? எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் இந்த நம்பிக்கை இருக்கிறது. பெற்றோர் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பகலெல்லாம் பாட்டியிடம் இருக்கிறது, அதனால் மொழி ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தாவது போய்ச் சேர்ந்துவிடும் என்று.

கடவுள் முதல் மருத்துவர் வரை

இந்த நம்பிக்கையைச் சோதிக்கும் கருவி ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து எனக்குக் கிடைத்தது. ஓபர்வார்ட் என்று பெயர். 1921 வரை ஹங்கேரியில் இருந்தது, எல்லை நகர்ந்தபோது ஆஸ்திரியாவுக்குப் போனது. அங்கே ஹங்கேரிய மொழி பேசும் உழவர் குடும்பங்கள் ஜெர்மனுக்கு மாறிக்கொண்டிருந்ததைச் சூசன் கால் என்ற மானிடவியலாளர் 1970களில் அங்கேயே தங்கி ஆராய்ந்தார். அவர் போட்ட அட்டவணை இன்றும் அசைக்க முடியாதது. ‘உங்கள் மொழி எது?’ என்று அவர் கேட்கவில்லை. ‘இவரிடம் பேசும்போது எது? அவரிடம் பேசும்போது எது?’ என்று கேட்டார். இடமிருந்து வலமாக, பேசப்படும் ஆட்கள்: கடவுள், தாத்தா பாட்டி தலைமுறை, பெற்றோர், நண்பர்களும் அண்டை அயலாரும், உடன்பிறந்தவர், துணைவர், பிள்ளைகள், அரசு அதிகாரி, மருத்துவர் என்று போகும். இடையில் கள்ளச்சந்தை வாடிக்கையாளருக்கும் ஒரு பத்தி உண்டு. மேலிருந்து கீழாகப் பேசுகிறவர்கள், வயது வரிசையில். ஒவ்வொரு கட்டத்திலும் ஹங்கேரியம், ஜெர்மன், அல்லது இரண்டும்.

நிரப்பிப் பார்த்தால் கட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. ஏறத்தாழ ஒரு படிக்கட்டு போல் அமைந்தன. ஒருவர் எந்தக் கட்டத்தில் ஜெர்மனுக்கு மாறுகிறாரோ, அதற்கு வலப்பக்கம் முழுவதும் ஜெர்மன்தான். இடப்பக்கம் ஹங்கேரியம் நிற்கும். முதியவர்களுக்கு ஹங்கேரியம் வலக்கோடி வரை நீண்டது. இளையவர்களுக்கு அது இடது ஓரத்துக்குச் சுருங்கி, தேவாலயத்தோடும் தாத்தா பாட்டியோடும் ஏறக்குறைய நின்றுவிட்டது. புழங்கும் இடம், தலைமுறைக் கடத்தல் என்று நூல்களில் தனித்தனி இயல்களாக வருகிற இரண்டும் இந்த ஒரே அட்டவணையில் குறுக்கும் நெடுக்குமாக, பாவும் ஊடையும் போல் பின்னிக் கிடக்கின்றன. கிடைவரிசையைப் படித்தால் ஒரு மனிதருடைய மொழி எங்கெங்கே புழங்குகிறது என்று தெரியும். ஒரு பத்தியை மேலிருந்து கீழாகப் படித்தால் அந்தப் புழக்கம் எந்த வயதில் அறுந்தது என்று தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இளையவர்கள் இன்று குறைவாகப் பேசுவதால் நாளையும் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஆகாது. வயது ஏற ஏற, வீடு, பொறுப்பு என்று வந்த பிறகு மூத்தோர் மொழிக்குத் திரும்பும் வழக்கமுள்ள சமூகங்களும் உண்டு. ஒரே ஒரு முறை எடுத்த அட்டவணையை வைத்துக்கொண்டு, மொழி மாறுகிறதா, வயதுதான் பேசுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பழைய தகவலோடு ஒப்பிட வேண்டும், அல்லது அதே ஆட்களைப் பின்னர் மறுபடியும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் பொறிக்கு விடை எளிது. சிறுவயதில் பேசவே பேசாத ஒன்றுக்கு யாரும் வயதான பிறகு திரும்பி வர முடியாது. நாங்கள் அனைவரும் ஐந்து வயதில் சௌராஷ்டிரம் பேசினோம். எங்கள் பிள்ளைகள் பேசவில்லை.

ஒரு மாலை, ஒரு நோட்டுப் புத்தகம்

சென்ற ஆண்டு அப்பாவின் திதிக்கு எல்லோரும் வீட்டில் கூடினார்கள். காலையில் சாப்பாடு முடிந்து ஓய்வாக இருந்தபோது, ஒவ்வொருவரிடமும் பேச்சுவாக்கில் கேட்டேன்: வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? அம்மா, அக்கா, தம்பி, மனைவி, நால்வரும் சொன்னது: “சௌராஷ்டிரம்தான். நடுவில் கொஞ்சம் தமிழும் வரும்.” என்னையே கேட்டுக்கொண்டால் நானும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாலை ஆறு மணிக்குக் கூடத்து மூலையில் நோட்டோடு உட்கார்ந்தேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அன்று முழுவதும் எல்லோரும் எனக்காகச் சௌராஷ்டிரம் பேசியிருப்பார்கள். இரவு சொல்லிவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. விதி எளியது. ஒருவர் இன்னொருவர் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினால் ஒரு கோடு. அது ச, அல்லது த. எங்கள் பேச்சில் தமிழ்ச் சொற்கள் ஏராளமாகக் கலந்திருக்கும் என்பதால், சொல்லை வைத்து முடிவு செய்தால் எல்லாமே தமிழாகத் தெரியும். ஆகவே வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல் எந்த மொழி என்று மட்டும் பார்த்தேன். பெயர்ச்சொல் அனைத்தும் தமிழாக இருந்தாலும் வினைமுற்று சௌராஷ்டிரமாக இருந்தால் அது ச. ஒருவர் மற்றொருவரிடம் இரண்டையும் கணிசமாகப் பேசினால் கட்டத்தில் இ. ஒன்பது மணிக்கு நிறுத்தினேன்.

| பேசுகிறவர் | மூத்தோரிடம் | ஒத்த வயதினரிடம் | துணைவரிடம் | சிறுபிள்ளைகளிடம் |
|---|---|---|---|---|
| அம்மா (74) | ச | ச | – | இ |
| அக்கா (52) | ச | ச | ச | இ |
| நான் (46) | ச | ச | ச | த |
| தம்பி (39) | ச | இ | இ | த |
| அக்கா மகள் (26) | இ | த | – | த |
| என் மகன் (17) | த | த | – | த |
| என் மகள் (9) | த | த | – | த |

அதே படிக்கட்டு. ஓபர்வார்ட் எங்கே, மஹால் வடம்போக்கித் தெரு எங்கே! காலையில் கேட்ட பதில்களை வைத்து நிரப்பியிருந்தால் கடைசிப் பத்தியின் முதல் நான்கு வரியும் ச என்று வந்திருக்கும், படிக்கட்டே தெரிந்திருக்காது. மூன்று மணி நேரத்தில் என் மகள் பக்கம் நான் 31 முறை திரும்பினேன். 26 தமிழ். சௌராஷ்டிரம் ஐந்து: சாப்பிடக் கூப்பிட்டது ஒன்று, அதட்டல் மூன்று, வந்திருந்த வெளியாருக்குப் புரியக்கூடாது என்று சொன்ன இரகசியம் ஒன்று. அவளுக்கு ஐந்தும் நன்றாகப் புரிந்தன. ஐந்துக்கும் தமிழில் பதில் சொன்னாள். என் வாயிலிருந்து அவளுக்குப் போய்ச் சேரும் மொழி அதட்டலும் இரகசியமும் மட்டும்தான் என்று நோட்டைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. அதில் கதை இல்லை, கேள்வி இல்லை, ‘ஏன் அழுகிறாய்’ இல்லை.

ஆனால் என்னை உலுக்கிய கட்டம் அது இல்லை. முதல் வரியின் கடைசிக் கட்டம். தம்பி மகனுக்கு நான்கு வயது. அம்மா மடியில்தான் அன்று முழுவதும் கிடந்தான். அவனிடம் அம்மா 18 முறை பேசினாள், 15 தமிழ். எழுதும்போது நான் நம்பவில்லை, தவறாகக் கேட்கிறோமோ என்று எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கையில் உடைந்த கார் பொம்மை. “சக்கரம் எங்கேடா கண்ணு? பாட்டி தேடித் தர்றேன்” என்றாள். தமிழ். அப்படியே தலையைத் தூக்கி, “இந்தப் பிள்ளை மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை” என்று என் மனைவியிடம் சொன்னாள். சௌராஷ்டிரம். மறுபடி குனிந்தாள். தமிழ். இடையில் ஒரு மூச்சு அளவுகூட இடைவெளி இல்லை. நாங்கள் கோட்டை என்று நம்பியிருந்த இடத்தில் எப்போதோ கதவு திறந்துவிட்டிருக்கிறது.

இரவு அம்மாவிடம் கேட்டேன். அவள் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னாள்: “அவனுக்கு அதுதானே புரிகிறது. புரியாததைப் பேசினால் பிள்ளை என்னிடம் வருவானா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டி தன் மொழியைக் காப்பாற்றப் பேசுவதில்லை, பேரனைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளப் பேசுகிறாள். நடுத் தலைமுறை தமிழில் வளர்த்த பிள்ளை பாட்டியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. படிகளை வகுத்த அளவுகோல், ‘தாத்தா பாட்டி தலைமுறை பேசுகிறதா?’ என்று கேட்கிறது. ‘யாரிடம்?’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அம்மா இன்னும் இருபது ஆண்டு இருப்பாள், அந்த இருபது ஆண்டும் சௌராஷ்டிரம் பேசுவாள், அவள் பேரனுக்கு அது ஒரு பின்னணி ஓசையாக மட்டுமே இருக்கும்.

தறி இருந்த இடம்

புழங்கும் இடங்களைப் பட்டியலிடும்போது நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் பட்டியலில் பஜனையைச் சேர்த்து, அதில் எல்லோருக்கும் ச என்று போட்டேன். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிரத்தில் இயற்றிய பாடல்களை என் மகள் பிழையில்லாமல் பாடுவாள். ஒரு நாள் பாடி முடித்தவளிடம், பாடிய ஓர் அடிக்குப் பொருள் கேட்டேன். “தெரியாதுப்பா, ராகம் தெரியும்” என்றாள். அவளுக்கு ‘நாளைக்குப் பள்ளி இல்லை’ என்று அந்த மொழியில் சொல்ல வராது. மனப்பாடமாக ஓதுவதையும் புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவதையும் ஒரே கட்டத்தில் எண்ணினால் அட்டவணை நம்மை ஏமாற்றும். ஓபர்வார்ட் இளையவர்களுக்குக் கடவுள் பத்தியில் மொழி நீடித்ததையும் இந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன். வழிபாட்டில் மொழி கடைசிவரை நிற்கும். அதனாலேயே அது நல்ல அடையாளமாகாது. அட்டவணையில் முதலில் மாறுவது எதுவோ அதைப் பார்க்க வேண்டும்.

எங்களில் முதலில் மாறியது எது என்று அக்காவோடு உட்கார்ந்து பேசினேன். அவளுடைய சிறுவயதில் வீட்டுக்குள் தறி இருந்தது. அப்பா நெய்வார், அம்மா பக்கத்தில், அக்கா பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றுவாள். தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள், நூல் அறுந்தால் அங்கிருந்து இங்கே கத்துவார்கள். மதிய நேரத்தில் பெண்கள் திண்ணையில் கூடிச் சுங்குடித் துணிக்கு முடிச்சுப் போடுவார்கள், மடியில் பிள்ளைகள் கிடப்பார்கள். வேலை, கூலி, வம்பு, தாலாட்டு எல்லாம் ஒரே மொழியில் ஒரே இடத்தில் நடந்தன. பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதும் பிள்ளைகளிடம் பேசுவதும் வேறு வேறாகப் பிரியவே வாய்ப்பில்லை, ஏனென்றால் பிள்ளைகளும் அந்த வேலையில் ஒரு கை. எனக்குப் பத்து வயதாகும்போது தறியை விற்றுவிட்டார்கள். அப்பா ஒரு கடையில் கணக்கெழுதப் போனார். என் மகன் பிறந்தபோது பிள்ளைகளுக்கென்று ஒரு தனி உலகம் வந்துவிட்டது, பள்ளிச் சேர்க்கைக்குத் தயாராகும் உலகம். ஒரு பள்ளியில் சேர்க்கைக்கு முன்பே, வீட்டில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் பேசுங்கள், மூன்று மொழி பிள்ளையைக் குழப்பும் என்று சொன்னார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டோம். குழந்தைகள் இரண்டு, மூன்று மொழிகளைக் குழப்பமில்லாமல் கற்கிறார்கள் என்பது ஆய்வில் நெடுநாளாகத் தெளிந்த செய்தி. அது அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

புதிய இடங்களையும் பார்த்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மாவும் பெரியம்மாவும் குரல் பதிவில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். எழுதும்போது எல்லோரும் தமிழ், தமிழ் எழுத்தில். சௌராஷ்டிர எழுத்து 2008இலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது, ஆனால் எங்கள் குழுவில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அக்கா மகள் அந்தக் குரல் பதிவுகளைக் கேட்டுச் சிரிப்புப் பொம்மை அனுப்புகிறாள். கேட்கிறாள், புரிகிறது, அதிகம் பேசுவதில்லை. அவள் வரியை அட்டவணையில் நிரப்பும்போது கேட்பதற்கும் பேசுவதற்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அவளுக்குப் பிள்ளை பிறந்தால், புரிகிற காது அவளோடு நின்றுபோகும்.

அந்த மாலைக்குப் பிறகு வீட்டில் ஒரு தீர்மானம் போட்டோம். பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவும் நானும் சின்னவர்கள் இருவரிடமும் சௌராஷ்டிரத்தில்தான் தொடங்குவோம். புரியவில்லை என்றால் கையால் காட்டுவோம், மறுபடி சொல்வோம், தமிழுக்குத் தாவ மாட்டோம். முதல் வாரம் கடினமாக இருந்தது. தம்பி மகன் இரண்டு நாள் அம்மாவிடம் வராமல் டிவி பக்கமே உட்கார்ந்திருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் பசித்தபோது வந்தான்.

ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை, அதே மூலையில், அதே விதியில் மூன்று மணி நேரம் மறுபடி எண்ணினேன். நான் மகளிடம் பேசியது 28, அதில் 19 சௌராஷ்டிரம். அம்மா பேரனிடம் பேசியது 22, அதில் 17. அவன் பாட்டியிடம் திரும்பச் சொன்னதில் நான்கு சௌராஷ்டிரம், நான்கும் முழு வாக்கியம், ஒன்று பொய். மகள் என்னிடம் மூன்று முறை சௌராஷ்டிரத்தில் பேசினாள். இந்த எண்ணிக்கையில் என் ஆசையும் கலந்திருக்கும், எண்ணுகிறவனும் பேசுகிறவனும் ஒரே ஆள் என்பதால் என் வரியை நான் முழுவதும் நம்பவில்லை. பிள்ளைகளின் வரியை நம்புகிறேன், அவர்களுக்கு நோட்டைப் பற்றி அக்கறை இல்லை. இந்த முறை ஒரு புதிய பத்தி சேர்த்திருந்தேன்: பிள்ளைகள் தங்களுக்குள். மகளும் தம்பி மகனும் அன்று மாலை முழுவதும் தரையில் கிடந்து விளையாடினார்கள், 60 கோடு போட்ட பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அத்தனையும் த.